குப்தர் காலம் பொற்காலம் ஆனது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்தர் காலத்தைப் பொற்காலம்னு முதல்ல சொன்னது யார்? அவங்களே சொல்லிக்கிட்டதா?

குப்த மன்னர்கள் தங்களைப் பற்றிப் பெருமையாக எழுதி வைத்துக்கொண்டது உண்மை. ஆனால் ஒரு காலம் முழுவதற்கும் இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் அவர்களுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகள் பின்னால் வந்த வரலாற்று ஆசிரியர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமுத்திரகுப்தர் என்ற பெயரே படித்தவர்களுக்குக்கூடத் தெரியாது. 1830-களில் அலகாபாத் தூணில் உள்ள கல்வெட்டைப் படித்த பிறகுதான் அப்படி ஒரு பேரரசர் இருந்தார் என்று தெரிய வந்தது.

ஆள் தெரிந்தும் காலம் தெரியவில்லை. குப்தர் கல்வெட்டுகளில் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் அல்பெரூனி, கி.பி. 78-இல் தொடங்கும் சக ஆண்டுக்கு 241 ஆண்டுகள் கழித்துக் குப்த ஆண்டு தொடங்குகிறது என்று எழுதினார். அதோடு, குப்தர்கள் வலிமை மிக்க கொடியவர்கள், அவர்கள் ஒழிந்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்கியது என்று கேள்விப்பட்டதையும் சேர்த்து எழுதிவிட்டார். அதனால் கி.பி. 319 என்பது குப்தர் ஆட்சியின் தொடக்கமா முடிவா என்று அறிஞர்கள் பல்லாண்டுகள் சண்டை போட்டார்கள். அதைத் தீர்த்து வைத்தது மந்தசோரில் கிடைத்த ஒரு கல்வெட்டு. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். 1888-இல் ஆங்கிலேயக் கல்வெட்டு அறிஞர் பிளீட் குப்தர் கல்வெட்டுகளை எல்லாம் ஒரே தொகுதியாக அச்சிட்டார். 319–20 தான் தொடக்கம் என்றும் நிறுவினார்.

காலம் உறுதியானதும் கதை எழுதுவது எளிதாயிற்று. 1904-இல் வின்சென்ட் ஸ்மித் தன் இந்திய வரலாற்று நூலில் சமுத்திரகுப்தரை ‘இந்திய நெப்போலியன்’ என்று எழுதினார். அவரை அடுத்து வந்த இந்திய அறிஞர்களுக்கு ஒரு தேவை இருந்தது. ‘உங்களுக்குத் தனியாக ஆளத் தெரியாது’ என்று சொன்ன ஆட்சிக்கு, சொந்த மண்ணின் அரசர்கள், சொந்த மொழிக் கவிகள், சொந்த வானியல் என்று எடுத்துக் காட்ட ஒரு காலம் வேண்டியிருந்தது. குப்தர் காலம் அதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. குப்தர்கள் தேசியத்தை உயிர்ப்பித்ததாகச் சொல்வது தவறு, தேசியம்தான் குப்தர்களை உயிர்ப்பித்தது என்று 1956-இல் வரலாற்று ஆசிரியர் கோசாம்பி எழுதியது இதைத்தான்.

இதனால் அந்தக் காலத்துச் சாதனைகள் பொய் என்று ஆகிவிடாது. ஆரியபட்டரும் சாரநாத் புத்தரும் காளிதாசரும் உண்மையிலேயே பெரியவர்கள். அவற்றை எல்லாம் ஓர் அரச வம்சத்தின் கணக்கில் வரவு வைத்தது மட்டும்தான் பின்னாளில் நடந்த வேலை. எது யாருடைய கணக்கு என்று பிரித்துப் பார்த்தால் அந்த நூற்றாண்டு இன்னும் சுவையாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் அதைத்தான் செய்கிறேன்.

சமுத்திரகுப்தர் நம்ம காஞ்சிபுரம் வரைக்கும் வந்தாரா?

வந்ததாக அலகாபாத் தூண் சொல்கிறது. தென்னாட்டு அரசர்களைப் பிடித்து, பிறகு அருள்கூர்ந்து விடுவித்தார் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ‘காஞ்சியின் விஷ்ணுகோபன்’ என்று பல்லவ மன்னர் ஒருவர் பெயர் வருகிறது. பிடித்து விடுவித்தார் என்பதைக் கவனியுங்கள். நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதாக அந்தக் கல்வெட்டே சொல்லவில்லை. தமிழ்நாட்டில் குப்தர் ஆட்சி ஒரு நாளும் நடந்ததில்லை.

இந்தக் கல்வெட்டை எழுதியவர் ஹரிசேனர். அரசரின் போர், சமாதான விவகாரங்களைக் கவனித்த பெரிய அதிகாரி அவர். அதே கையால் கவிதையும் எழுதினார். பாதி செய்யுள், பாதி உரைநடை. அரசர் அறிவில் பிரகஸ்பதியையும் இசையில் தும்புருவையும் நாரதரையும் வெட்கப்பட வைத்தார் என்று எழுதுகிறார். ‘கவிராஜர்’ என்று பட்டமும் தருகிறார். இதே அரசர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வீணை வாசிப்பதுபோல் பொற்காசும் அடித்திருக்கிறார். அரசன் என்றால் கலை தெரிந்தவனாக இருக்க வேண்டும், அதை ஊருக்குச் சொல்லவும் வேண்டும் என்ற எண்ணம் நாணயத்திலேயே ஏறிவிட்டது. பொற்காலம் என்ற பேச்சுக்கு முதல் விதையைப் போட்டது ஹரிசேனர் போன்ற அதிகாரிக் கவிகள்தான் என்று நினைக்கிறேன். தூண் மட்டும் குப்தருடையது இல்லை. அது அசோகர் நிறுத்திய தூண். அசோகரின் எழுத்தும் அதில் இருக்கிறது, பின்னாளில் ஜஹாங்கீரும் அதே தூணில் தன் பரம்பரையைச் செதுக்க வைத்தார்.

விக்கிரமாதித்தன் சபையில நவரத்தினங்கள் இருந்தாங்கன்னு படிச்சோமே, அது?

அது பிற்காலக் கதை. ஒன்பது பேரையும் ஒரே அவையில் உட்கார வைக்கும் பட்டியல் மிகப் பிந்திய ஒரு சோதிட நூலில் வருகிறது. அந்தப் பட்டியலில் வராகமிகிரர் இருக்கிறார். அவர் தன் கணக்குகளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட ஆண்டு கி.பி. 505. விக்கிரமாதித்தன் என்று பட்டம் சூட்டிக்கொண்ட இரண்டாம் சந்திரகுப்தர் 415-ஐ ஒட்டி இறந்துவிட்டார். இருவரும் ஒரே அவையில் இருந்திருக்க வழியே இல்லை. போட்டித் தேர்வு கையேடுகளில் இன்னும் இது வரலாறு போலவே அச்சாகிறது.

காளிதாசர் குப்தர் காலத்தவர்தான்னு எப்படிச் சொல்றாங்க? எந்த அரசரையும் அவர் பேர் சொல்லலையே?

பெயர் சொல்லவில்லை என்பது சரிதான். தன் காலம், ஊர், புரவலர் எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. அதனால் வெளியிலிருந்து இரண்டு பக்கமும் வேலி போட்டுத்தான் காலத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிந்திய எல்லை ஒன்று கி.பி. 634-இல் கிடைக்கிறது: கர்நாடகத்தின் ஐஹோளேயில் ரவிகீர்த்தி என்ற புலவர், புகழில் நான் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகர் என்று கல்லில் பாடியிருக்கிறார். அதைவிட நெருக்கமான சான்று மந்தசோர் கல்வெட்டு. முதல் பதிலில் குறிப்பிட்டேனே, அதே கல்.

மந்தசோர் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. பழைய பெயர் தசபுரம். குஜராத்தின் லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று இந்த ஊருக்குக் குடிபெயர்ந்து வந்தது. வந்த இடத்தில் நன்றாகச் சம்பாதித்து, தங்கள் சங்கத்தின் பணத்தில் சூரியனுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். ‘குமாரகுப்தர் பூமியை ஆளும்போது’ என்றும், மாளவ ஆண்டு 493 என்றும் கல்வெட்டு சொல்கிறது, அதாவது கி.பி. 436–37. குப்த அரசர் ஒருவர் பெயரும், நமக்குத் தெரிந்த இன்னோர் ஆண்டுக் கணக்கும் ஒன்றாக வருவதால், 319–20 தான் குப்த ஆண்டின் தொடக்கம் என்பது இதை வைத்து உறுதியாயிற்று. 36 ஆண்டுகள் கழித்து, மாளவ ஆண்டு 529-இல், கோயில் பழுதுபட்டு அதே நெசவாளர்கள் புதுப்பித்தார்கள். அப்போது வத்ஸபட்டி என்ற உள்ளூர்ப் புலவரைக் கூப்பிட்டு 44 செய்யுளில் முழுக் கதையையும் எழுத வைத்தார்கள்.

வத்ஸபட்டி அந்த ஊர் மாளிகைகளைப் பாடும்போது, வெள்ளை வெளேரென்ற உயர்ந்த வீடுகள், அசையும் கொடிகள், உள்ளே பெண்கள், பார்த்தால் மின்னல் படர்ந்த வெண்மேகம் போல இருக்கிறது என்கிறார். மேகதூதத்தின் இரண்டாம் பகுதியைப் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும்: மின்னல் உள்ள மேகத்துக்கும் பெண்கள் உள்ள அளகாபுரி மாளிகைக்கும் காளிதாசர் வரிசையாக உவமை சொல்லும் பாட்டின் எதிரொலி அது. ஆக, கி.பி. 473-க்குள் காளிதாசரை ஒரு சிறு நகரத்துப் புலவர் மனப்பாடமாக வைத்திருக்கும் அளவுக்கு அவர் பாட்டு பரவிவிட்டது.

எனக்கு இந்தக் கல்வெட்டின் மேல் தனிப் பிரியம். அரசவை பக்கமே போகாத நெசவுத் தொழிலாளிகள், தாங்கள் கட்டிய கோயிலுக்கு நல்ல சமஸ்கிருதக் கவிதை வேண்டும் என்று காசு கொடுத்து எழுத வைத்திருக்கிறார்கள். இலக்கியத்துக்கு அரண்மனைக்கு வெளியே வாசகர்களும் புரவலர்களும் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்த நூற்றாண்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆரியபட்டர் அப்படி என்னதான் கண்டுபிடிச்சார்? சுருக்கமா இல்லாம கணக்கோட சொல்லுங்க.

அவர் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் நூல் ஆரியபட்டீயம் ஒன்றுதான். நூற்றிருபது சுலோகத்துக்கு ஒட்டிய சின்ன நூல். கலியுகத்தில் அறுபது அறுபது ஆண்டுகளாக அறுபது தடவை போனபோது எனக்கு வயது 23 என்று அவரே சொல்கிறார். கலி 3600 என்றால் கி.பி. 499. பிறந்தது 476.

அவர் தரும் எண்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் சூரியன் வானத்தை 43,20,000 முறை சுற்றிவரும். அதே காலத்தில் பூமி 1,58,22,37,500 முறை சுழலும். இந்த இரண்டாவது எண் விண்மீன்களை வைத்து எண்ணிய சுழற்சி. நமக்கு ஒரு நாள் என்பது சூரியன் உதித்து மறுபடி உதிப்பது. சூரியன் ஆண்டுக்கு ஒரு சுற்று நகர்ந்துவிடுவதால், விண்மீன் கணக்கைவிட உதய எண்ணிக்கை ஆண்டுக்கு ஒன்று குறையும். ஆகவே பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் ஒரு மகாயுகத்தின் நாள்கள் கிடைக்கும்: 1,57,79,17,500.

இதை 43,20,000-ஆல் வகுங்கள். ஈவு 365 நாள், மீதி 11,17,500. ஒரு நாளுக்கு 60 நாழிகை. மீதியை 60-ஆல் பெருக்கி மறுபடி வகுத்தால் 15 நாழிகை, மீதி 22,50,000. அதை 60-ஆல் பெருக்கி வகுத்தால் 31 விநாடி, மீதி 10,80,000. அதையும் 60-ஆல் பெருக்கி வகுத்தால் சரியாக 15 தற்பரை, மீதி இல்லை. ஆண்டின் நீளம் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை.

வாக்கியப் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பங்களில் இந்த எண்ணை எல்லாருக்கும் தெரியும். ஆரியபட்டர் வழியில் வந்த தென்னாட்டு வாக்கிய முறை இன்றைக்கும் வைத்திருக்கும் ஆண்டு இதுவேதான். 499-இல் எழுதிய இரண்டு எண்களைக் கழித்து வகுத்தால் கிடைப்பதை வைத்து நாம் சித்திரை ஒன்றைக் கொண்டாடுகிறோம்.

இப்போது எவ்வளவு சரி என்று பார்ப்போம். நம் மணிக்கணக்கில் அது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. விண்மீன்களை வைத்து இன்று அளந்திருக்கும் ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 நொடி. வேறுபாடு 3 நிமிடம் 20 நொடி. பூமி ஒருமுறை சுழல எடுக்கும் நேரத்தை அதே இரண்டு எண்களிலிருந்து எடுத்தால் 23 மணி 56 நிமிடம் 4.1 நொடி வருகிறது. இன்றைய அளவோடு அது நொடிக் கணக்கில் ஒத்துப்போகிறது. வெறும் கண்ணாலும் நீர்க்கடிகாரத்தாலும் பார்த்த காலத்தில் இது.

ஆனால் பருவங்கள் இந்த ஆண்டைப் பின்பற்றுவதில்லை. வெயிலும் மழையும் திரும்பி வரும் ஆண்டு இதைவிடச் சற்றுக் குறுகியது. அதனால் சுமார் 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆண்டுப் பிறப்பு தள்ளிப் போகிறது. ஆரியபட்டர் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் மார்ச் மூன்றாம் வாரத்தை ஒட்டி விழுந்த மேஷப் பிறப்பு, பதினைந்து நூற்றாண்டில் சுமார் 25 நாள் நகர்ந்து இப்போது ஏப்ரல் 14-இல் நிற்கிறது.

வட்டத்தின் சுற்றளவுக்கும் அவர் ஒரு கணக்குச் சொல்கிறார்: நூறோடு நாலைக் கூட்டி, எட்டால் பெருக்கி, அறுபத்திரண்டாயிரத்தைச் சேர், இருபதாயிரம் விட்டமுள்ள வட்டத்துக்கு இது ஏறத்தாழச் சுற்றளவு. 62,832-ஐ 20,000-ஆல் வகுத்தால் 3.1416. ‘ஏறத்தாழ’ என்பதை அவரே சேர்த்திருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். தான் தருவது முடிந்த விடை இல்லை, நெருங்கிய விடை என்று தெரிந்தே எழுதிய மனிதர்.

தவறுகளும் உண்டு. முக்கோண அடி கொண்ட கூம்பகத்தின் கன அளவுக்கு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி எடு என்கிறார். மூன்றில் ஒரு பங்கு என்று இருக்க வேண்டும். கோளத்தின் கன அளவும் தப்பு. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்பவர்கள் நூலைத் திறந்து பார்க்கவில்லை என்று பொருள்.

பூமி சுத்துதுன்னு அவ்வளவு முன்னாடியே சொல்லியிருக்கார்னா, ஏன் யாரும் ஏத்துக்கல?

படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னால் போவதாகத் தெரிவதுபோல, அசையாத விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்று அவர் எழுதினார். மறுத்தவர்கள் மூடர்கள் இல்லை. பூமி சுழன்றால் கூட்டை விட்டுப் பறந்த பருந்து எப்படித் திரும்பக் கூட்டுக்கு வரும் என்று வராகமிகிரர் கேட்டார். 628-இல் பிரம்மகுப்தர், பூமி சுழன்றால் உயரமானவை ஏன் விழவில்லை என்று கேட்டார். நகரும் பொருளோடு அதன்மேல் உள்ளவையும் சேர்ந்து நகரும் என்ற விதி கைவசம் இல்லாத நிலையில் இவை நல்ல கேள்விகள். ஆரியபட்டரிடமும் அதற்கு விடை இல்லை.

உரையாசிரியர்கள் சிலர் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் மேல் மரியாதை, கருத்தில் உடன்பாடு இல்லை. அதனால் ‘பூமி நகர்கிறது’ என்ற இடத்தில் எழுத்தை மாற்றி ‘விண்மீன் மண்டலம் நகர்கிறது’ என்று பாடம் கொண்டார்கள். கணக்கு எப்படியும் ஒன்றுதான் என்பதால் பஞ்சாங்கத்துக்கு எந்தச் சேதமும் வரவில்லை.

இந்தப் பணிக்குக் குப்தர்கள் எவ்வளவு உதவினார்கள் என்று கேட்டால், ஆரியபட்டீயத்தில் எந்த அரசர் பெயரும் இல்லை. அவர் பிறந்த சமயத்தில் புதகுப்தர் அரியணை ஏறினார். நூல் எழுதியபோது அந்த அரசு உடைந்துகொண்டிருந்தது. பாடலிபுத்திரம் என்று கருதப்படும் குசுமபுரத்தில் மதிக்கப்படும் அறிவு என்று மட்டும் தன் நூலைச் சொல்லிக்கொள்கிறார்.

பூஜ்யத்தைக் கண்டுபிடிச்சது ஆரியபட்டர்தானே?

இல்லை. அவர் எண்களை எழுத்துகளால் குறிக்கும் ஒரு முறையை உண்டாக்கினார்; அதில் பூஜ்யக் குறி தேவையே இல்லை. வர்க்கமூலம் எடுக்க அவர் சொல்லும் வழி மட்டும் இடமதிப்பு தெரிந்தவருக்கே வரும். பூஜ்யத்தை ஓர் எண்ணாக வைத்துக் கூட்டவும் கழிக்கவும் விதி எழுதியவர் பிரம்மகுப்தர்.

இடமதிப்பும் சூனியமும் சொற்களாக வரும் மிகப் பழைய நூல்களில் ஒன்று லோகவிபாகம் என்ற சமண நூல். இப்போது கிடைப்பது சிம்மசூரி பின்னாளில் சமஸ்கிருதத்தில் செய்த வடிவம். மூல நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகம் என்ற ஊரில், காஞ்சி மன்னர் சிம்மவர்மரின் 22-ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380-இல் முடித்தார் என்று அதன் இறுதியில் குறிப்பு இருக்கிறது. கி.பி. 458. அந்தப் பாடலிகத்தைக் கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆக, ‘குப்தர் காலக் கணித’ வரிசையில் சேர்க்கப்படும் ஒரு நூலின் மூலம் பல்லவ நாட்டில் எழுதப்பட்டது. வம்சத்தின் பெயரைக் காலத்துக்கு வைத்தால் இப்படித்தான் மற்றவர் உழைப்பும் அந்தப் பெயருக்குள் போய்விடும்.

அஜந்தா ஓவியம் குப்தர் கலைதானே? பாடப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.

அஜந்தா இருந்தது, அன்று தக்காணத்தை ஆண்ட வாகாடகர் என்ற வேறொரு வம்சத்தின் நாட்டில். 5-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹரிசேனர் என்ற வாகாடக மன்னர் காலத்தில் (தூண் கல்வெட்டுக் கவி வேறு, இவர் வேறு) பெரும்பாலான குகைகள் குடையப்பட்டன. 16-ஆம் குகையைக் குடைய வைத்தவர் அவருடைய அமைச்சர் வராகதேவர். 26-ஆம் குகைக்குப் பொருள் சேர்த்தவர் புத்தபத்திரர் என்ற துறவி. இரண்டையும் அங்கேயே கல்வெட்டில் படிக்கலாம்.

குப்தத் தொடர்பு இல்லாமல் இல்லை. இரண்டாம் சந்திரகுப்தரின் மகள் பிரபாவதிகுப்தா வாகாடக இளவரசர் இரண்டாம் ருத்திரசேனருக்கு வாழ்க்கைப்பட்டார். கணவர் சீக்கிரம் இறந்துவிட, சிறு பிள்ளைகளுக்காகப் பல ஆண்டுகள் அவரே ஆட்சி நடத்தினார். அவர் வெளியிட்ட செப்பேட்டில் கணவர் குலத்துக்குப் பதில் தன் தந்தையின் குப்தப் பரம்பரையைத்தான் முதலில் எழுத வைத்தார். வடக்கின் பாணி தெற்கே வந்த வழி ஒன்று அது.

குப்த நாட்டுக்கு உள்ளேயே உள்ள கலை என்றால் சாரநாத். சுனார் மணற்கல்லில், உடலோடு ஒட்டிய மெல்லிய ஆடை, பாதி மூடிய கண் என்று அங்கே ஒரு புத்தர் உருவம் முழுமை அடைந்தது. பின்னாளில் ஆசியாவின் பல நாடுகளில் செய்த புத்தர் சிலைகளுக்கு அது முன்மாதிரி. அந்தப் பாணியில் ஆண்டு பொறித்த மூன்று சிலைகள் கிடைத்துள்ளன: குப்த ஆண்டு 154 ஒன்று, 157 இரண்டு, கி.பி. 473 முதல் 477 வரை. மூன்றையும் செய்து வைக்கச் சொன்னவர் அபயமித்திரர் என்ற பௌத்தப் பிக்கு. யார் ஆட்சியில் என்று மட்டும் அரசர் பெயர் வருகிறது. பேரரசு, வடமேற்கிலிருந்து படையெடுத்து வந்த ஹூணர்களோடு போரிட்டுக் களைத்த பிறகு வந்த ஆண்டுகள் இவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டெல்லி இரும்புத் தூண் ஏன் துருப்பிடிக்கல?

மெஹ்ரௌலியில் குதுப் மினார் பக்கத்தில் நிற்கும் 7.2 மீட்டர் தூண் அது. எடை ஆறு டன்னுக்கு மேல். ‘சந்திரன்’ என்ற அரசர் விஷ்ணுவுக்கு நிறுத்தியது என்று அதில் எழுதியிருக்கிறது. அது இரண்டாம் சந்திரகுப்தர் என்பதைப் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். வார்த்த தூண் இல்லை. இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி, அடித்து, ஒன்றோடொன்று ஒட்டி வளர்த்தது.

காரணம் பாஸ்பரஸ். இன்றைய உலைகளில் சுண்ணாம்புக் கல் போடுவதால் தாதுவில் உள்ள பாஸ்பரஸ் கசடோடு போய்விடும். அன்று கரியை மட்டும் வைத்து உருக்கினார்கள், சுண்ணாம்பு போடவில்லை. பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. மழையிலும் வெயிலிலும் மாறி மாறி நனைந்து காய்ந்தபோது, அது மேற்பரப்பில் மெல்லிய, இறுகிய ஒரு படலம் உண்டாகத் துணை செய்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாலசுப்பிரமணியம் இதை விரிவாக ஆராய்ந்தார். துருவே இல்லை என்பது சரியில்லை. காக்கும் படலமே ஒருவகைத் துருதான். மண்ணுக்குள் ஈரத்திலேயே இருந்த அடிப்பகுதி அரித்தும் இருக்கிறது. கொல்லர்கள் துருவைத் தடுக்கத் திட்டமிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஆறு டன் இரும்பை அடித்து ஒரே தூணாக ஒட்டியது முழுக்க அவர்கள் கைத்திறன். அரசர் பெயர் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை.

சாதாரண ஜனங்களுக்கும் அது பொற்காலமா இருந்துச்சா?

சீனத் துறவி பாஹியான் இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தில் இங்கே இருந்தார். மக்கள் நலமாக இருப்பதாகவும், பாடலிபுத்திரத்தில் ஏழைகளுக்கு இலவச மருத்துவ இல்லங்கள் இருப்பதாகவும் எழுதினார். பாடப் புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். அதே குறிப்பில், சண்டாளர்கள் ஊருக்கு வெளியேதான் வாழ வேண்டும், நகரத்துக்குள் வரும்போது மற்றவர்கள் தீண்டிவிடாமல் விலகிப் போவதற்காகக் கட்டையைத் தட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். மருத்துவ இல்லத்தை நம்புகிறவர்கள் இதையும் நம்பத்தான் வேண்டும். ஏரணில் கி.பி. 510-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, போரில் இறந்த கோபராஜனின் மனைவி சிதையில் ஏறியதைச் சொல்கிறது. உடன்கட்டைக்குக் கிடைக்கும் பழைய கல்வெட்டுச் சான்றுகளில் அது முக்கியமானது.

பணத்தின் கதையை நாணயங்கள் சொல்கின்றன. 1946-இல் ராஜஸ்தானின் பயானா பக்கம் ஒரே புதையலில் சுமார் 1,800 குப்தப் பொற்காசுகள் கிடைத்தன. அத்தனை தங்கம் புழங்கியது. ஆனால் அது பெரிய மனிதர்களின் காசு. சந்தைக்கு வேண்டிய செம்புக் காசை அவர்கள் குறைவாகவே அடித்தார்கள். ஸ்கந்தகுப்தர் காலத்திலிருந்து பொற்காசின் எடை ஏறுகிறது, தங்கத்தின் தூய்மை இறங்குகிறது. ஹூணர் போர்ச் செலவு என்பது வழக்கமான விளக்கம். மந்தசோர் நெசவாளர்களையே பாருங்கள்: சிலர் பட்டை விட்டு வில்வித்தைக்கும், சோதிடத்துக்கும், கதை சொல்லவும் போய்விட்டார்கள் என்று அந்தக் கல்வெட்டு பெருமையாகவே சொல்கிறது. பட்டு வாணிகம் தளர்ந்ததன் அடையாளம் அது என்று ஆர்.எஸ். சர்மா போன்றவர்கள் வாதிட்டார்கள். எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. கையில் ஓட்டம் இருக்கும் தொழிலை யாரும் கூட்டமாக விடுவதில்லை.

நேர்ல போய்ப் பார்க்கணும்னா எங்கே தொடங்கலாம்?

சாரநாத் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. தர்மச் சக்கரம் காட்டும் புத்தரின் ஒளிவட்டத்தில் உள்ள செதுக்கலை அருகே நின்று பாருங்கள். சாஞ்சிக்குப் போகிறவர்கள் விதிசா பக்கத்தில் உள்ள உதயகிரியைத் தவற விடாதீர்கள். அங்கே 5-ஆம் குகையில் பூமாதேவியைத் தூக்கி நிற்கும் வராகமும், 6-ஆம் குகையில் குப்த ஆண்டு 82, அதாவது கி.பி. 401–02 என்று தேதியிட்ட கல்வெட்டும் இருக்கின்றன. லலித்பூர் மாவட்டத்தில் தேவ்கட் தசாவதாரக் கோயில் சிறியது, சிகரம் இடிந்துவிட்டது. ஆனால் தெற்குச் சுவரில் அனந்தசயனம் மட்டும் பார்க்கவே போகலாம். அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.